கோணல் அலைகள் – 9: இரண்டு 31 சேர்ந்தால் 15

சைன் வடிவம் இல்லாத எந்த மின்னோட்டத்தையும் ஓர் அடிப்படை அலையாகவும் அதன் மடங்குகளான ஹார்மோனிக் அலைகளாகவும் பிரிக்கலாம் என்று போன வாரம் பார்த்தோம். ஒவ்வொன்றின் அளவும் ஒரு ஃபூரியே கெழு. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். இந்த வாரம் டிரான்ஸ்ஃபார்மர் ஏன் சூடாகிறது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் தீர்க்க வேண்டிய ஒரு கணக்கு குறுக்கே வந்து நிற்கிறது.

ஆலுவாவை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூன் 17-இல் தொடங்கிய கொச்சி மெட்ரோவின் வடகோடி நிலையம் அது. வண்டிகள் மேலே கம்பி இல்லாமல், தண்டவாளத்தின் ஓரமாக ஓடும் மூன்றாவது தண்டிலிருந்து 750 வோல்ட் டி.சி. எடுத்து ஓடுகின்றன. மின்வாரியம் கொடுப்பதோ ஏ.சி. நடுவில் ரெக்டிஃபையர் இல்லாமல் வேலை நடக்காது. பெரியாற்றங்கரைக்கு டி.சி. தேவை புதிதும் இல்லை. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் ஓடத் தொடங்கிய மூன்றே ஆண்டில், ஆலுவாவை ஒட்டிய ஆலுபுரத்தில் இந்தியன் அலுமினியம் கம்பெனி அலுமினியம் வார்க்க ஆரம்பித்தது. பிறகு உத்யோகமண்டலில் திருவிதாங்கூர் கொச்சின் கெமிக்கல்ஸ் உப்புக் கரைசலை மின்னாற்பகுத்து காஸ்டிக் சோடா தயாரித்தது. அலுமினியத் தொட்டிக்கும் காஸ்டிக் சோடா செல்லுக்கும் மெட்ரோ வண்டிக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஒரே திசையில் ஓடும் பெரிய மின்னோட்டம். அதை ஏ.சி.யிலிருந்து எடுக்கும்போது ஏ.சி. பக்கத்து மின்னோட்டம் என்ன வடிவம் கொள்கிறது என்பதுதான் நம் கேள்வி.

ஆறு டயோடு கொண்ட மூன்று ஃபேஸ் பிரிட்ஜ் ஒன்று 1000 ஆம்பியர் டி.சி. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி. பக்கத்தில் ஒரு கம்பியைக் கவனித்தால், மின்னோட்டம் 30 டிகிரி வரை சுழி, அடுத்த 120 டிகிரிக்கு 1000 ஆம்பியர், மறுபடி 30 டிகிரி சுழி. மறு அரைச் சுற்றில் இதே வடிவம் தலைகீழாக. இதன் ஆர்.எம்.எஸ். மதிப்பைக் காண ஃபூரியே தேவையே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு நேரம் மின்னோட்டத்தின் வர்க்கம் பத்து லட்சம், மீதி நேரம் சுழி. சராசரி 6,66,667. வர்க்கமூலம் 816 ஆம்பியர். இப்போது கெழுக்கள். h-ஆவது ஒற்றை ஹார்மோனிக்கின் உச்ச அளவு (4/πh) × 1000 × cos(h × 30°). மூன்றுக்கும் ஒன்பதுக்கும் கொசைன் சுழியாகிவிடுவதால் 3, 9, 15 எல்லாம் காணாமல் போகின்றன. எஞ்சுவது 1, 5, 7, 11, 13 என்ற வரிசை. ஒவ்வொன்றின் அளவும் அடிப்படை அலையின் 1/h பங்கு. ஆர்.எம்.எஸ். கணக்கில் அடிப்படை 780 ஆம்பியர், ஐந்தாவது 156, ஏழாவது 111, பதினொன்றாவது 71, பதின்மூன்றாவது 60.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். நான்கு ஹார்மோனிக்குகளைக் கூட்டினாலே 398 வருகிறது, 780-உடன் சேர்த்தால் 1178, ஆனால் கம்பியில் ஓடுவது 816 தானே என்ற குழப்பம். வெவ்வேறு அதிர்வெண் கொண்ட அலைகளின் ஆர்.எம்.எஸ். மதிப்புகள் நேரடியாகக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. இரு வேறு அதிர்வெண்களின் பெருக்கலை ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரி எடுத்தால் சுழி வருவதே காரணம். ஆகவே 816-இன் வர்க்கத்திலிருந்து 780-இன் வர்க்கத்தைக் கழித்தால் எல்லா ஹார்மோனிக்குகளின் மொத்தப் பங்கும் கிடைத்துவிடும். அது 242 ஆம்பியர். 242-ஐ 780-ஆல் வகுத்தால் டி.எச்.டி. 31.1 சதவீதம். சூத்திரமாக எழுதினால்:

THD = √((I_rms / I_1)² − 1)

முடிவில்லாத கெழுக்களில் நமக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. இந்த வர்க்கக் கூட்டல் விதிக்கு மார்க்-அந்துவான் பார்செவல் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர். அவர் அதன் முதல் வடிவத்தைப் பாரிஸில் சமர்ப்பித்தது 1799-இல். வெப்பம் பற்றிய ஆய்வுரையை ஃபூரியே முன்வைத்தது 1807 டிசம்பரில். அதாவது ஃபூரியே தொடரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட தேற்றம், அந்த ஆய்வுரைக்கு எட்டு ஆண்டு மூத்தது. பார்செவல் அப்போது எண்ணிக்கொண்டிருந்தது தொடர்களின் கூட்டுத்தொகையை. அது ஒரு நாள் மின்கம்பியின் சூட்டை அளக்கும் என்று நினைக்க அவருக்கு வழியில்லை. நெப்போலியனை எதிர்த்துக் கவிதை எழுதியதால் நாட்டை விட்டு ஓட நேர்ந்தவர் அவர். அறிவியல் அகாதமிக்கு ஐந்து முறை பெயர் முன்மொழியப்பட்டும் ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஆர்.எம்.எஸ்.ஸையும் அடிப்படை அலையையும் மட்டும் அளந்தால் போதுமென்றால், ஹார்மோனிக் மீட்டர்கள் ஏன் ஐம்பதாவது வரை ஒவ்வொன்றாக அளக்கின்றன? பதில் கழித்தலில் இருக்கிறது. டி.எச்.டி. 31 சதவீதமாக இருக்கும்போது ஆர்.எம்.எஸ்.ஸுக்கும் அடிப்படைக்கும் உள்ள விகிதம் 1.047. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை வந்தாலும் விடை 30.7-க்கும் 31.4-க்கும் இடையில்தான் ஊசலாடும். டி.எச்.டி. 5 சதவீதமாக இருந்தால் விகிதம் 1.00125. அதே ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை விடையை 2.2-க்கு இறக்கும், அல்லது 6.7-க்கு ஏற்றும். சுத்தமான மின்னோட்டத்தில் இந்தக் குறுக்குவழி கைவிட்டுவிடும், அங்கே கெழுக்களை அளந்தே ஆகவேண்டும். கெழு வழிக்கும் ஒரு குறை இருக்கிறது. நம் கட்டை வடிவ அலையில் இருபத்தைந்தாவது ஹார்மோனிக்கோடு நிறுத்தினால் விடை 29.0, ஐம்பதுவரை போனாலும் 30.0 தான். எதுவரை கூட்டியது என்று சொல்லாத டி.எச்.டி. எண் பாதி எண்தான். நிஜ ரெக்டிஃபையரில் டிரான்ஸ்ஃபார்மரின் கசிவு இண்டக்டன்ஸ் அலையின் செங்குத்து விளிம்புகளைச் சாய்த்துவிடும். உயர் ஹார்மோனிக்குகள் வேகமாகத் தேய்ந்துபோவதால் அங்கே இந்த இடைவெளி குறையும்.

கெழுக்களுக்கு இன்னொரு, இதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. இந்த வாரம் என்னைக் கட்டிப்போட்டது அதுதான். மேலே சொன்ன கொசைனைக் கவனியுங்கள். ஐந்துக்கும் ஏழுக்கும் அது எதிர்க்குறி, பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நேர்க்குறி. வர்க்கம் எடுத்தவுடன் குறி அழிந்துவிடுகிறது. ஆர்.எம்.எஸ்.ஸுக்கும் டி.எச்.டி.க்கும் குறி என்ன என்பதே தெரியாது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தெரியும். டி.சி. மெட்ரோக்களின் துணைநிலையங்களில் வழக்கமாகக் காணும் 12 துடிப்பு அமைப்பில் டிரான்ஸ்ஃபார்மரின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு சுற்றுகள்: ஒன்று ஸ்டார், மற்றொன்று டெல்டா. இரண்டுக்கும் இடையே 30 டிகிரி வித்தியாசம். ஒவ்வொன்றிலும் ஓர் ஆறு டயோடு பிரிட்ஜ். மேல்பக்கத்தை ஸ்டார் என்று கொண்டு, எல்லாவற்றையும் மேல்பக்கத்து அளவுக்கு மாற்றிப் பார்ப்போம். ஸ்டார் பிரிட்ஜ் அதே கட்டை அலையை இழுக்கிறது. டெல்டா பிரிட்ஜ் இழுப்பது வேறு வடிவம்: 60 டிகிரிக்கு 577 ஆம்பியர், அடுத்த 60-க்கு 1155, பிறகு மீண்டும் 577, ஏறி இறங்கும் படிக்கட்டு போல. வரைந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்றே தோன்றும். ஆனால் படிக்கட்டின் வர்க்கச் சராசரியும் 6,66,667 தான். ஆர்.எம்.எஸ். அதே 816, அடிப்படை அதே 780, டி.எச்.டி. அதே 31.1. கெழுக்களின் அளவில் துளி வித்தியாசமில்லை. மாறியது ஐந்தின் குறியும் ஏழின் குறியும், மேலே போனால் பதினேழும் பத்தொன்பதும்.

இரண்டும் மேல்பக்கக் கம்பியில் சேரும்போது எதிர்க்குறி கொண்டவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகின்றன. பதினொன்றும் பதின்மூன்றும் இரட்டிக்கின்றன, அடிப்படையும் இரட்டித்து 1559 ஆம்பியர் ஆகிறது. சேர்ந்த அலையின் கால் சுற்று 577, 1577, 2155 என்று மூன்று படிகள், ஒவ்வொன்றும் 30 டிகிரி. மூன்றின் வர்க்கங்களையும் கூட்டிச் சராசரி எடுத்து மூலம் கண்டால் 1577 வருகிறது. நடுப்படியும் ஆர்.எம்.எஸ்.ஸும் ஒரே எண். தோராயமாக அல்ல, கடைசி தசமம் வரை துல்லியமாக. இரண்டின் மதிப்பும் 1000 × (1 + 1/√3). மேலே கொடுத்த சூத்திரத்தில் 1577-ஐயும் 1559-ஐயும் போட்டால் டி.எச்.டி. 15.2 சதவீதம். 31 சதவீதம் கொண்ட இரண்டு மின்னோட்டங்கள் கூடி 15 சதவீத மின்னோட்டம் ஒன்றைத் தருகின்றன. டி.எச்.டி. எண்களைக் கூட்டவும் முடியாது, சராசரி எடுக்கவும் முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பயிற்சி இல்லாத கண் இங்கே ஒரு தவறு செய்யும். மேல்பக்கத்தில் 15 என்று மீட்டர் காட்டியதும் ஐந்தாவது ஹார்மோனிக் ஒழிந்தது என்று முடிவு கட்டிவிடும். அது ஒழிந்தது மேல்பக்கத்துக் கம்பியில் மட்டும். கீழ்ப்பக்கச் சுற்று ஒவ்வொன்றிலும் 31 சதவீதம் குறையாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே டிரான்ஸ்ஃபார்மருக்கு இரண்டு டி.எச்.டி. உண்டு, எந்தப் பக்கம் கிளாம்பை மாட்டினோம் என்பதைப் பொறுத்தது. மறைதலும் நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டு பிரிட்ஜும் சமமாகச் சுமை தாங்க வேண்டும். ஒன்று 1000, மற்றொன்று 800 ஆம்பியர் என்று ஆனால், ஐந்தாவதில் 156-க்கு எதிராக 125 மட்டுமே நிற்கும், 31 ஆம்பியர் மிச்சமாகி மேலே கசியும். 12 துடிப்பு அமைப்பின் மேல்பக்கத்தில் ஐந்தும் ஏழும் தலைகாட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இரு பிரிட்ஜுகளின் சுமைப் பங்கீட்டை.

இன்னொரு கேள்வியும் வரும். மத்திய மின்சார ஆணையத்தின் 2007 கிரிட் இணைப்பு விதிகள் மின்னோட்ட டி.எச்.டி.க்கு முதலில் வைத்திருந்த வரம்பு 8 சதவீதம். 15.2 அதை மீறுகிறதே? காகிதக் கணக்கில் மீறுகிறது. இரண்டு 12 துடிப்பு அமைப்புகளை 15 டிகிரி விலக்கி 24 துடிப்பாக்கினால் அதே கணக்கு 7.6 தருகிறது, வரம்புக்குள் மயிரிழையில் நுழைகிறது. ஆனால் விதி அளக்கச் சொல்வது மின்வாரியத்தோடு இணையும் இடத்தில். அங்கே விளிம்பு சாய்ந்த அலைகளோடு நிலையங்களின் நகரும் படிகள், குளிர்சாதனம், விளக்குகள் எல்லாம் கலந்துவிடுகின்றன. அந்தக் கலவையின் எண்ணை ரெக்டிஃபையரின் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கெழுவும் எந்தக் குறியோடு, எந்தக் கோணத்தோடு வருகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் சூட்டுக்கு வருகிறேன். கீழ்ப்பக்கச் சுற்றில் டி.எச்.டி. 31 சதவீதம் இருந்தும், ஹார்மோனிக்கால் ஆர்.எம்.எஸ். கூடியது 780-இலிருந்து 816-க்கு, வெறும் 4.7 சதவீதம். செம்புக்கம்பியின் சாதாரண இழப்பு அதனால் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே கூடும். அப்படியானால் ஹார்மோனிக் பயம் மிகையா என்று கேட்கலாம். சுற்றுகளுக்குள் சுழலும் எடி மின்னோட்ட இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறுகிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள ஐந்தாவது ஹார்மோனிக் அடிப்படை அலைக்குச் சமமான எடி இழப்பைத் தரும். ஏழில் ஒரு பங்கான ஏழாவதும் அப்படியே, பதினொன்றாவதும் அப்படியே. கட்டை அலையில் இந்தக் கூட்டல் எங்கே போய் நிற்கும் என்பதும், மட்டாஞ்சேரிக்குப் போகும் வாட்டர் மெட்ரோ படகுகளுக்கு மின்னேற்றும் சார்ஜர்களும் அடுத்த வாரம்.