நாலாவது சுரம் எங்கே இழுக்கிறது?

செஞ்சியில் திண்டிவனம் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்ததும், கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, கார்டு பேருக்குப் பக்கத்துல 7 போட்டிருக்கே, அதை விட்டுட்டு வாசிச்சா என்ன குறையுது?"

ச, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேஜர் கார்டு. அது நிம்மதியாக நிற்கும், எங்கும் போகத் துடிக்காது. அதோடு காகலி நிஷாதத்தைச் சேர்த்தால் மேஜர் செவன்த். மேல் ச-வுக்கு அரை சுரம் கீழே நி நிற்பதால் லேசான உரசல் வரும், ஆனாலும் நகரச் சொல்லாது. அதே இடத்தில் கைசிகி நிஷாதத்தைப் போட்டால் கதையே மாறும். அந்த நி-க்கும் க-வுக்கும் இடையே மூன்று முழுச் சுர தூரம். அது காதுக்குப் பிடிக்காத இடைவெளி, தீரத் துடிக்கும். க ஒரு படி ஏறி ம-வில் போய் உட்காரும், நி ஒரு படி இறங்கி த-வில் உட்காரும். சங்கராபரணத்துக்கும் ஹரிகாம்போஜிக்கும் உள்ள அந்த ஒரே சுர வித்தியாசம்தான் இங்கும் வேலை செய்கிறது.

ஜாஸில் இந்த இழுப்பைத் தொடராகக் கோப்பார்கள். ச என்பதை C என்று வைத்துக்கொள்: Dm7, G7, Cmaj7. முதலாவதில் ரி ம த ச, அடுத்ததில் ப நி ரி ம, கடைசியில் ச க ப நி. கார்டு முழுவதையும் பிடிக்கப் பார்க்காதே. வாய்க்குள் "ம... ம... க" என்று பாடு, பிறகு "ச... நி... நி" என்று பாடு. அந்த இரண்டு குரல்களும் எங்கே அரைச் சுரம் இறங்குகின்றன என்று தெரிந்துவிட்டால் மீதி தானாகக் கேட்கும். ஜோசப் காஸ்மா இசையமைத்த 'ஆட்டம் லீவ்ஸ்' மெட்டே இதற்குப் பாடம். முதல் வரியில் நீளும் சுரம் ம, அடுத்த வரியில் நீளும் சுரம் க. அடியில் ஓடுவது இதே மூன்று கார்டுகள்.

நம்ம ஊரில் 'கலைக்கோவில்' (1964) படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய 'வர வேண்டும் ஒரு பொழுது' பாட்டை ஹெட்போனில் கேள். மொபைல் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, பேஸ் கேட்காவிட்டால் எது ச என்றே குழம்பும். பேஸைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே ஏதாவது சுரம் இறங்கத் துடிக்கிறதா என்று பார்.

"அப்போ எல்லாத்துலயும் 7 போட்டுடலாமா?"

போடாதே. பாடுபவர் வரியை ச-வில் முடிக்கும்போது நீ மேஜர் செவன்த் பிடித்தால், உன் நி அவர் ச-வோடு மோதும். பாடுபவர் சுருதி விலகியது போலத்தான் கேட்பவருக்குப் படும். அங்கே வெறும் ச க ப போதும். கொஞ்சம் நிறம் வேண்டுமென்றால் நி-க்குப் பதில் த சேர்.

ப்ளூஸில் மட்டும் கைசிகி நி-யோடு நிற்கும் கார்டே வீடாக இருக்கும், அது எங்கும் போகத் தேவையில்லை. அதை இன்னொரு டீக்கு வைத்துக்கொள்வோம்.