கெட்டிமேளம் ஏன் பிந்துகிறது?

ஸ்டூடியோவின் பின்னறைக்கு வாருங்கள், மேஜையைப் பாருங்கள்! ஒரு பக்கம் பழைய வி.சி.ஆர்., மறுபக்கம் மடிக்கணினி, நடுவே விரல் நீளத்தில் ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவி. இடையில் ஓடுபவை மூன்றே ஒயர்கள். மஞ்சளில் படம், வெள்ளையிலும் சிவப்பிலும் ஒலி. மென்பொருளில் PAL, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்தாயிற்று. அதை NTSC-யில் விட்டிருந்தால் பட்டுப்புடவையெல்லாம் கறுப்பு வெள்ளையாகி, படமும் உருளத் தொடங்கியிருக்கும்.

இன்று மாட்டியிருப்பது 1990களில் எடுத்த ஒரு கல்யாண கேசட், மூன்று மணி நேரம் ஓடும் E-180. மூடியைத் தூக்கி, நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இல்லை என்று பார்த்துவிட்டோம். கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றியும் ஆயிற்று. ப்ளே!

ஆகா, மாப்பிள்ளை அழைப்பு! பேண்டு வாத்தியமும் படமும் சேர்ந்தே வருகின்றன. அது முடிந்ததும் சில நொடிகள் வெறும் புள்ளிப்புள்ளி இரைச்சல். மறுநாள் முகூர்த்தம் தொடங்குகிறது. தாலி ஏறிவிட்டது, கெட்டிமேளமோ இரண்டு நொடி கழித்து முழங்குகிறது!

எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் வேலை இங்கேதான் ஆரம்பம். ஒவ்வொரு ஃபிரேமும் எங்கே தொடங்குகிறது என்பதற்கு நாடாவிலேயே ஒரு அடையாளத் துடிப்பு பதிவாகியிருக்கும். பதிவே இல்லாத இடைவெளியில் அது கிடையாது. ஆகவே கருவி ஃபிரேம்களைத் தவறவிடுகிறது, ஒலி மட்டும் நிற்காமல் பதிவாகிக்கொண்டே போகிறது. மென்பொருளின் எண்ணியைப் பாருங்கள், தவறியவை 50 ஃபிரேம். 25 ஆல் வகுத்தால் சரியாக இரண்டு நொடி! படம் அவ்வளவு சுருங்கிவிட்டது, அதனால்தான் மேளம் பிந்துகிறது.

மருந்து இதோ. வி.சி.ஆருக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து, மூன்று ஒயர்களையும் அதன் வழியே விடுகிறோம். தள்ளாடி வரும் படத்தை உள்ளே வாங்கி, சீரான தாளத்தில் வெளியே அனுப்பும் அருமையான பெட்டி அது! எல்லா மாடல்களும் இதைச் சமமாகச் செய்வதில்லை. அப்போது இடைவெளியில் பதிவை நிறுத்தி, முகூர்த்தத்தைத் தனிக் கோப்பாக எடுத்துவிடுவோம்.

பிசகு இப்படிச் சட்டென்று வராமல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தால் காரணம் வேறு. படத்தைக் கருவியிலும் ஒலியைக் கணினியின் மைக் துளையிலும் வாங்கினால் இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபட்டாலே மூன்று மணி நேரத்தில் ஒரு நொடிக்கு மேல் விலகிவிடும். எனவே ஒலியும் அதே கருவிக்குள்தான் போக வேண்டும்.

சோதனைதான் கொண்டாட்டமே! தொடக்கத்தில் திருஷ்டித் தேங்காய் உடைவதையும், முடிவில் வரவேற்பில் யாரோ கை தட்டுவதையும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கிறோம். தேங்காய் தரையில் படும் ஃபிரேமிலேயே சத்தம். கைகள் சேரும் ஃபிரேமிலும் சத்தம். அடுத்த கேசட்டைக் கொடுங்கள்!