இருபதாயிரத்தில் எட்டாயிரம் எங்கே?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பவர் பேங்க் கேட்டால் கடைக்காரர் பிராண்டைக் கேட்பதற்கு முன்பே “பத்தாயிரமா, இருபதாயிரமா?” என்பார். ஆன்லைன் விற்பனைப் பக்கத்திலும் அதே எண்தான் கொட்டை எழுத்தில் நிற்கிறது: 20,000 எம்.ஏ.எச். கூடவே, 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள போனை நான்கு முறை சார்ஜ் செய்யலாம் என்று ஒரு வரி. வகுத்தல் சரிதான். ஆனால் வாங்கியவருக்குக் கிடைப்பது இரண்டரை முறைதான். சிலர் ஏமாந்துவிட்டதாக நினைத்துப் பொருளைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

அதே பக்கத்தில் விரலால் தள்ளிக்கொண்டே கீழே போனால், விவரப் பட்டியலில் பொடி எழுத்தில் இப்படி இருக்கும்: 3.7 வோல்ட், 74 வாட் மணி. ரேட்டட் கெப்பாசிட்டி 12,000 எம்.ஏ.எச். (5 வோல்ட், 3 ஆம்பியர்). உண்மை முழுக்க இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

20,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்களில் அளந்த அளவு. அந்த செல்கள் சராசரியாக 3.7 வோல்ட்டில் வேலை செய்கின்றன. யூ.எஸ்.பி. துளையிலோ குறைந்தது 5 வோல்ட் வர வேண்டும். ஆகவே, தரைக்கடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு மோட்டார் தண்ணீரை ஏற்றுவதுபோல, நடுவில் ஒரு சர்க்யூட் வோல்டேஜை உயர்த்துகிறது. ‘பூஸ்ட் கன்வெர்ட்டர்’ என்று பெயர். வோல்டேஜ் ஏறினால் எம்.ஏ.எச். எண் இறங்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் மாறாமல் இருப்பது இரண்டையும் பெருக்கி வரும் ஆற்றல் மட்டுமே. 20 ஆம்பியர் மணியை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட் மணி. அந்த 74-ஐ 5-ஆல் வகுத்தால் 14.8. அதாவது, ஒரு துளி மின்சாரம்கூட வீணாகாவிட்டாலும் 20,000 என்ற எண் வெளியே வரும்போது 14,800 ஆகிவிடும். காணாமல்போன எட்டாயிரத்தில் 5,200 உண்மையில் காணாமல் போகவில்லை. அளவுகோல் மாறியதால் வந்த வித்தியாசம் அது.

14,800-க்கும் 12,000-க்கும் நடுவில் இருப்பதுதான் நிஜமான இழப்பு. கன்வெர்ட்டர் சூடாவதில் போவது அதில் பெரும் பங்கு. போன் சார்ஜ் ஆகும்போது பவர் பேங்கின் மேல் கை வைத்தால் தெரியும் வெதுவெதுப்பு அதுதான். செல்களை முழுக்கக் காலியாக்கினால் கெட்டுவிடும் என்பதால் பாதுகாப்பு சர்க்யூட் முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது. அதிலும் கொஞ்சம் போகிறது. எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறோமோ அவ்வளவு வீணாகும். அதனால்தான் அடைப்புக்குள் ‘5 வோல்ட், 3 ஆம்பியர்’ என்று நிபந்தனையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

வெளியே வரும் 12 ஆம்பியர் மணியை 5 வோல்ட்டால் பெருக்கினால் 60 வாட் மணி. கேபிளிலும் போனுக்குள்ளும் இன்னொரு 15 சதவீதம் போகிறது என்று வைத்தால் போன் பேட்டரிக்கு வந்து சேர்வது 51. 5,000 எம்.ஏ.எச். போன் பேட்டரியை 3.85 வோல்ட் என்று கொண்டால் அது 19 வாட் மணிக்குச் சற்று அதிகம். 51-ல் அது இரண்டரை முறைக்குக் கொஞ்சம் மேல் போகும். நான்கு என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை என்று வாதாடலாம். வாங்குபவருக்கு உதவாத எண்ணைத் தேர்ந்தெடுத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

ரேட்டட் கெப்பாசிட்டியும் வாட் மணியும் எங்குமே எழுதாத பொருளைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்குத் தராசு போதும். இன்றைய நல்ல லித்தியம் செல் ஒரு கிலோவுக்குச் சுமார் 250 வாட் மணி தாங்கும். 74 வாட் மணிக்குச் செல் மட்டுமே 300 கிராம் எடை வரும். உறையும் சர்க்யூட்டும் தனி. ‘இருபதாயிரம்’ என்று விற்கும் பொருள் 180 கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே இருபதாயிரம் இல்லை. பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம், கட்டாயம் பார்க்கவும் வேண்டும். ஆனால் அது பாதுகாப்புக்கான பதிவு. கொள்ளளவுக்கு உத்தரவாதம் இல்லை.

துளைகளைப் பற்றிச் சுருக்கமாக. ‘22.5 வாட்’ என்பது உச்ச அளவு. போனும் பவர் பேங்கும் ஒரே சார்ஜிங் முறையைப் பேசினால்தான் அது கிடைக்கும். ஐபோன் டைப்-சி வழியே பி.டி. முறையைத்தான் எதிர்பார்க்கும், சொந்த முறை வைத்திருக்கும் சில ஆண்ட்ராய்டு போன்கள் வேறு பவர் பேங்கில் மெதுவாகவே ஏறும். மூன்று துளை இருந்தாலும் பல மாடல்களில் கன்வெர்ட்டர் ஒன்றுதான். இரண்டாவது போனைச் செருகியதும் வேகச் சார்ஜிங் நின்று, இரண்டும் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ‘மொத்த வெளியீடு’ என்ற வரியில் இது இருக்கும்.

இனி தேவனஹள்ளி விமான நிலையம். விமானப் பயணத்தில் எம்.ஏ.எச். கணக்கு செல்லாது, வாட் மணிதான். 100 வாட் மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் அதிகபட்சம் இரண்டுதான். அதற்கு மேல் அறவே கூடாது. நம் 74 தாராளமாகப் போகும். 27,000 எம்.ஏ.எச். என்ற விநோதமான அளவு சந்தையில் ஏன் இருக்கிறது என்பதும் இப்போது விளங்கும்: 3.7-ஆல் பெருக்கினால் 99.9. முப்பதாயிரம் 111 ஆகிவிடும், அனுமதி கேட்க வேண்டும். ஐம்பதாயிரம் 185, எந்த விமானத்திலும் ஏறாது. எழுத்து அழிந்து அளவு தெரியாத பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டால் வாதாட வழியில்லை.

செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டியை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவார்கள். காரணம் வேதியியல். செல்லுக்குள் ஷார்ட் ஆகி வெப்பம் ஒரு எல்லையைத் தாண்டினால், எதிர்வினை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். செல்லின் கேத்தோடே ஆக்சிஜனையும் வெளியிடும். சரக்கு அறையின் தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கினாலும் சூடு இறங்காது, அடுத்த செல் பற்றிக்கொள்ளும். பயணிகள் அறையிலோ ஆள் பார்க்க முடியும், நீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும்.

2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் நின்றிருந்த ஏர் பூசான் விமானம் எரிந்தது. தலைக்கு மேல் பெட்டியில் இருந்த பவர் பேங்கில் மின்காப்பு உடைந்திருக்கலாம் என்றது இடைக்கால அறிக்கை. உயிர்ச்சேதம் இல்லை; விமானம் மிஞ்சவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று டெல்லியில், திமாபூர் செல்லவிருந்த இண்டிகோ விமானம் ஓடுபாதைக்கு நகரும்போது ஒரு பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்தது. அது இருக்கையின் பின்பையில் இருந்தது; ஊழியர்கள் உடனே அணைத்துவிட்டார்கள். அடுத்த மாதமே டி.ஜி.சி.ஏ. சுற்றறிக்கை விட்டது: பவர் பேங்கைத் தலைக்கு மேல் வைக்காதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், பறக்கும்போது அதில் போனைச் சார்ஜ் செய்யாதீர்கள். மாலை விமானம் என்றால் விமான நிலையத்துக்கு வாயு வஜ்ரா பஸ்ஸில் வரும்போதே போனை ஏற்றிக்கொள்வது நல்லது.