பத்து நானோ நொடிப் பள்ளம்

இரண்டு உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பும் மல்டிபிளெக்சர் சுற்றை எடுத்துக்கொள்வோம். S என்ற தேர்வுக் கம்பி 1 என்றால் A வெளியே வரும். 0 என்றால் B வரும்.

```
F = A·S + B·S'
```

A, B இரண்டும் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். S எப்படி மாறினாலும் F 1 ஆகவே இருக்க வேண்டும். காகிதத்தில் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு கேட்டும் 10 நானோ நொடி தாமதிக்கிறது என்போம். S 1-லிருந்து 0-க்கு இறங்கியதும் A·S பத்தாவது நானோ நொடியில் அணைகிறது. S' உருவாகவே பத்து ஆகிறது. எனவே B·S' இருபதில்தான் எழுகிறது. நடுவில் ஆர் கேட்டைத் தாங்க ஆளில்லை. வெளியீடு 20 முதல் 30 வரை 0-க்கு விழுந்து எழுகிறது. இதுவே நிலை இடர்.

கார்னா வரைபடத்தில் இது கண்ணுக்கே தெரியும்: அடுத்தடுத்த இரண்டு 1-கள் தனித்தனி வளையங்களில் இருக்கும். இரண்டையும் சேர்த்து இன்னொரு வளையம் போட்டால் A·B கிடைக்கும்.

```
F = A·S + B·S' + A·B
```

தர்க்கப்படி இது வேண்டாத உறுப்பு. ஆனால் அதில் S இல்லை. S மாறும்போது அது அசையாமல் 1 ஆக நின்று பள்ளத்தை அடைக்கிறது. (சுருக்கும் மென்பொருள் இதை வீண் என்று நீக்கிவிடக்கூடும், கவனம்.)

இரண்டு உள்ளீடுகள் ஒன்றாக மாறினால் இந்த மருந்து பலிக்காது. கடிகார விளிம்பில் மட்டும் மதிப்பைப் படிக்கும் சுற்றுகளில், அதற்குள் வெளியீடு அடங்கிவிட்டால் பள்ளத்தால் கேடில்லை. அதே F ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பின் கடிகாரக் கம்பிக்கோ ரீசெட்டுக்கோ போனால்தான் வம்பு.