தண்ணீர் லாரி: நான்கு நிமிட மைம்

பள்ளி ஆண்டு விழாவில் மைம் என்றால் ஏறக்குறைய ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். கறுப்பு டி-ஷர்ட், வெள்ளை பூசிய முகம், வெள்ளைக் கையுறை, ஏதோ ஒரு சினிமாவின் பின்னணி இசை. கடைசியில் ஆளுக்கொரு சார்ட் அட்டையைத் தூக்கிக் காட்டி, 'மரம் வளர்ப்போம்' என்றோ 'செல்போனைக் குறைப்போம்' என்றோ முடித்துவிடுவார்கள். அட்டையில் எழுதிக் காட்டுவது, அதுவரை நடித்தது யாருக்கும் விளங்கவில்லை என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம் என்றே எனக்குத் தோன்றும்.

கோளாறு பெரும்பாலும் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஆசிரியருக்குப் பிடித்த இசை முதலில் முடிவாகிறது. அதன் நான்கு நிமிடத்துக்குள் கதையைத் திணிக்கிறார்கள். சோகமான வயலின் ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளைகளுக்கு அதற்குள் செய்ய வேண்டியது தீர்ந்துபோயிருக்கும். கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். முதலில் கதை, அடுத்து ஒவ்வொரு செயலுக்கும் எத்தனை நொடி என்று ஒரு தாள், அந்தத் தாளுக்கு ஏற்ப வெட்டி ஒட்டிய இசை. வசனம் இல்லாததால் மைமுக்கு எழுத்துப் பிரதி வேண்டாம் என்று நினைக்கிறோம். உண்மையில் வசன நாடகத்தைவிட இதற்குத்தான் பிரதி கறாராக வேண்டும். பேசும் நடிகருக்கு எதிராளியின் வசனம் முடிவது ஓர் அடையாளம். பேசாதவருக்கு அந்த அடையாளத்தை இசைதான் தர வேண்டும்.

மேடையில் கடிகாரம் இல்லை, இருந்தாலும் பார்க்க முடியாது. ஆகவே நொடியைத் தாளமாக மாற்றிக்கொள்வது நல்லது. நிமிடத்துக்கு 96 தட்டு என்ற வேகத்தில் இசை இருந்தால், எட்டுத் தட்டு சரியாக ஐந்து நொடி பிடிக்கும். பாட்டோ பரதமோ படிக்கும் பிள்ளை ஒருத்தியிடம் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் என்றால் போதும், பிடித்துக்கொள்வாள். மற்றவர்கள் எட்டு வரை எண்ணினால் சரி. நான்கு நிமிட மைம் 48 எட்டுகள்; தாளில் உள்ள எல்லா நேரமும் ஐந்தின் மடங்காக இருக்கட்டும்.

ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கான ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. ஐந்து பேர் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். ஆறாவதாகப் பாட்டி ஒருத்தி தாமதமாக வருகிறாள், அவள் முறை வரும்போது தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. தாளில் இது இப்படி விழும்:

0:00 – இருட்டு. காக்கைக் கரைதல் மட்டும். ஐந்து பேரும் வரிசையில் உறைந்த நிலை.

0:15 – வெளிச்சம். காக்கை தொடர்கிறது. ஒருவன் கொட்டாவி விடுகிறான், ஒருத்தி குடத்தைக் கீழே வைத்து அதன் மேல் உட்காருகிறாள்.

0:45 – தூரத்தில் ஹார்ன். எல்லாத் தலையும் வலப்பக்கம் திரும்பி, அப்படியே நிற்கிறது.

0:50 – அருகில் ஹார்ன், உடனே பறை. ஓட்டம், தள்ளுமுள்ளு, வரிசை குலைகிறது.

1:20 – பறை சட்டென நிற்கிறது. குடத்தில் தண்ணீர் விழும் ஒலி. எல்லோரும் அமைதி. ஒவ்வொரு குடமாக நிறைகிறது.

2:10 – மெல்லிய தாளம். பாட்டி வருகிறாள். தண்ணீர் ஒலி தொடர்கிறது.

2:30 – ஒலி மெலிந்து சொட்டாகி நிற்கிறது. ஐந்து நொடி முழு நிசப்தம்.

2:35 – ஹார்ன். லாரி போகிறது. தலைகள் வலமிருந்து இடமாக, ஒரே வேகத்தில்.

2:45 – கனத்த தாளம். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து நடக்கிறார்கள்.

3:15 – தாளம் நின்று புல்லாங்குழல். ஒரு பையன் திரும்பிப் பார்க்கிறான்.

3:20 – பாட்டியின் குடத்தில் அவன் ஊற்றுகிறான். பிறகு மற்றவர்களும்.

3:50 – பாட்டி நிறைகுடத்தைத் தூக்கப் பார்க்கிறாள், அசையவில்லை. எல்லோரும் உறைகிறார்கள்.

4:00 – வெளிச்சம் அணைகிறது.

ஹார்ன் ஒலித்த பிறகே தலை திரும்புவதைக் கவனியுங்கள். பதிவு செய்த இசையோடு வேலை செய்யும்போது, ஒலி முந்த வேண்டும், அசைவு பிந்த வேண்டும். வெளியிலிருந்து ஓர் ஒலி வந்து, அதற்கு நடிகர் எதிர்வினை செய்தால் அரை நொடி தாமதம்கூட இயல்பாகவே இருக்கும். மாறாக நடிகரின் செயலிலிருந்து பிறக்கும் ஒலி, உதாரணமாகக் கன்னத்தில் அறைவது, கதவைத் தட்டுவது, குடத்தை 'டங்' என்று வைப்பது, இவை ஆபத்தானவை. கை ஓங்கி முடித்த பிறகு அறை கேட்டால் கூட்டம் சிரித்துவிடும். அப்படி ஒன்று கதைக்கு வேண்டியே தீரும் என்றால், மிருதங்கமோ தவிலோ தெரிந்த மாணவனை மேடை ஓரத்தில் உட்காரவைத்து நேரடியாக வாசிக்கச் சொல்லுங்கள். பதிவு நடிகரை இழுத்துச் செல்லும். வாசிப்பவன் நடிகரைப் பின்தொடர்வான்.

இன்னொன்று, விழா அன்று பிள்ளைகள் ஒத்திகையைவிட வேகமாகச் செய்வார்கள். பதற்றம்தான் காரணம். முப்பது நொடியில் முடிக்க வேண்டிய ஓட்டம் இருபதில் முடிந்துவிடும். அதற்காகத்தான் தாளில் பிள்ளைகள் நின்று காத்திருக்கும் இடங்கள் வேண்டும். இந்தக் கதையில் பறை ஓயுமுன்பே எல்லோரும் லாரியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றுவிடலாம். மீதி நொடிகளில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தால் போதும். அடுத்த ஒலி வரும்வரை அதுவே காட்சி. முப்பது, நாற்பது நொடிக்கு ஒருமுறையாவது இப்படி ஓர் இடம் இருந்தால், முந்தியவர்களும் பிந்தியவர்களும் அங்கே சேர்ந்துகொள்வார்கள். சிரிப்பு வரும் என்று தெரிந்த இடத்துக்குப் பின்னாலும் இசையில் நான்கைந்து நொடி கூடுதலாக விடுங்கள். கைதட்டலில் அடுத்த அடையாளம் மூழ்கிப்போனால் மேடையில் ஒருவர் மட்டும் அசைவார், மற்றவர் விழிப்பார்.

தண்ணீர் ஒலி தனி விஷயம். இணையத்தில் கிடைக்கும் அருவிச் சத்தம் அரங்கின் ஸ்பீக்கரில் வெறும் இரைச்சலாகக் கேட்கும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று ஒலிக்காரர் ஓடி வருவார். வீட்டில் காலிக் குடத்தைக் குழாயடியில் வைத்து, செல்போனில் நீங்களே பதிவு செய்யுங்கள். தண்ணீர் ஏற ஏற, உள்ளே இருக்கும் காற்றின் உயரம் குறைவதால் சுருதி மேலே போகும். கண்ணை மூடிக்கொண்டே குடம் நிறையப்போகிறது என்று தெரிந்துகொள்கிறோமே, அதனால்தான். அந்த ஏறும் சுருதியே பிள்ளைகளுக்கு அடையாளம். கால் குடத்தில் நிமிர்ந்து நிற்பவள், முக்கால் குடத்தில் குனிந்து கழுத்தைப் பிடிக்கத் தயாராவாள். எண்ணிக்கை தேவையே இல்லை.

இனி குடத்தைப் பற்றி. மேடையில் குடம் கிடையாது. கையுறை போட்ட கைதான் குடம். ஒத்திகையின் முதல் நாள் உண்மையான பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள், முதலில் காலியாக, பிறகு நிறைய. 15 லிட்டர் பிடிக்கும் குடம் நிறைந்தால் 15 கிலோ. எடை தெரிவது கையில் அல்ல. தூக்குவதற்கு முன் மூச்சை இழுத்து ஒரு கணம் நிறுத்துகிறோம், முழங்கால் மடங்குகிறது, இடுப்பு வெளியே தள்ளுகிறது, எதிர்க் கை விலகிப் பறக்கிறது, தலை மறுபக்கம் சாய்கிறது. பிறகு குடத்தை எடுத்துவிட்டு அதே உடலை வரவழைக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக் கனத்தைக் காட்டுவார்கள். ஐந்தாவது வரிசைக்கு அப்பால் சுளித்த முகம் தெரியாது, தள்ளிய இடுப்பு தெரியும்.

கீழே வைத்த குடமும் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். அதன் ஊடே ஒரு பையன் நடந்துவிட்டால் நாடகம் முடிந்தது. மேடைத் தரையில் குடங்கள் இருக்கும் இடத்தில் சாக்பீஸால் சிறிய வட்டம் போட்டுக்கொள்ளலாம். குடத்தை விடும்போது விரல்கள் விரிந்து தெளிவாகப் பிரிய வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னும் கையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தெரியும். பிடிப்பதையும் விடுவதையும் துல்லியமான நொடிகளாகப் பிரித்துக் காட்டுவது மைமின் அரிச்சுவடி. பிரான்சில் எத்தியென் தெக்ரூ இதை ஓர் இலக்கணமாகவே வகுத்தார். அவரிடம் படித்த மார்செல் மார்சோ 1947இல் 'பிப்' என்ற கோமாளிப் பாத்திரத்தைப் படைத்து அதை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார்.

லாரிக்கும் இதே விதிதான். ஆறு பேரும் வெவ்வேறு இடத்தைப் பார்த்தால் ஆறு லாரி. அரங்கின் வலப்பக்க ஸ்பீக்கர் கம்பம் என்று ஒன்றைக் குறித்துக்கொடுங்கள். லாரி போகும்போது அங்கிருந்து இடப்பக்கக் கம்பம்வரை, ஓர் எட்டு எண்ணும் நேரத்தில் எல்லாத் தலையும் சேர்ந்து நகரட்டும். லாரி ஓடுவதைக் கூட்டம் பார்த்துவிடும்.

2:30இல் வரும் ஐந்து நொடி நிசப்தத்தை வெட்டிவிடச் சொல்லி யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஒலிக்காரர் பாட்டு நின்றுவிட்டதென்று நினைத்து மறுபடி பட்டனை அழுத்தும் அபாயமும் உண்டு. 1987இல் வந்த 'பேசும் படம்' வசனமே இல்லாத படம், ஆனால் அதில் ஒலிக்குப் பஞ்சமில்லை. பேச்சு இல்லாத இடத்தில் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும், சத்தம் நிற்பது அதைவிடப் பெரிதாகக் கேட்கும். பாட்டியின் காலிக் குடம் கூட்டத்துக்கு உறைப்பது அந்த ஐந்து நொடியில்தான். ஆகவே ஒலிக்காரருக்கென்று தனித் தாள் ஒன்று அச்சடித்து, அதில் 'இங்கே நிசப்தம், தொட வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொடுங்கள். இசை முழுவதும் ஒரே கோப்பாக இருக்கட்டும், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒரு மாலையில் ஒட்டிவிடலாம். இரண்டு பென் டிரைவில் பிரதி வேண்டும். செல்போனிலிருந்து போடுவதானால் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பாட்டி குடத்தை நீட்டும் நேரத்தில் யாருக்காவது அழைப்பு வரும். பின்னால் எல்இடி திரை இருந்தால் அதைக் கறுப்பாக்கச் சொல்லுங்கள். பள்ளிச் சின்னம் சுழன்றுகொண்டிருக்கும் திரைக்கு முன்னால் எந்தக் குடமும் தெரியாது.

4:00க்குப் பிறகும் கோப்பில் பறையோசை இருபது நொடி ஓடட்டும். பிள்ளைகள் வரிசையாக வந்து வணங்க அந்த நேரம் வேண்டும். அது இல்லாவிட்டால் விளக்கு வருமுன்பே தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து, 'அடுத்ததாக ஐந்தாம் வகுப்பு பி பிரிவு மாணவர்களின் நடனம்' என்று தொடங்கிவிடுவார்.