2011இல் 310 கோடி இந்தியர்கள்?

இன்றைய இந்திய எல்லைக்குள் 1901இல் வாழ்ந்தவர்கள் 23.84 கோடிப் பேர். 2001இல் அது 102.87 கோடி. நடுவே பத்தாண்டுக்கு ஒன்றாக ஒன்பது கணக்கெடுப்புகள் நடந்தன. ஆக மொத்தம் பதினொரு எண்கள். இவற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 2011இல் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சொல்ல முடியுமா? சரியான விடை நமக்குத் தெரியும்: 121.09 கோடி. விடை தெரிந்திருப்பதால்தான் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். எந்த முறை எங்கே சறுக்குகிறது என்பதை மறைக்க இதில் வழியில்லை.

முதலில் எவருக்கும் தோன்றுவது நேர்கோடு. வரைபடத்தாளில் பதினொரு புள்ளிகளை வைத்து, அவற்றின் ஊடாக ஒரு கோட்டை இழுக்கிறோம். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை மிகச் சிறியதாக இருக்கும்படி கோட்டை அமைக்க வேண்டும். பள்ளிப் புத்தகங்கள் இதை மீச்சிறு வர்க்க முறை என்கின்றன. இப்படி அமைந்த கோடு 2011க்குச் சொல்லும் விடை 92.9 கோடி. 2001லேயே நாம் 102 கோடியைத் தாண்டிவிட்டோம்! கோட்டின் மீது குற்றமில்லை. புள்ளிகள் வளைந்து மேலேறுகின்றன, நேர்கோட்டுக்கு வளையத் தெரியாது. அதனால் இரு முனைகளிலும் உண்மை கோட்டுக்கு மேலே நிற்கிறது, நடுவில் கீழே கிடக்கிறது. விலகல்கள் இப்படி ஒரு ஒழுங்கோடு அமைந்தால், எடுத்துக்கொண்ட வடிவம் போதவில்லை என்று பொருள்.

வளைவு வேண்டுமென்றால் சமன்பாட்டில் x-இன் வர்க்கத்தையும் சேர்க்க வேண்டும். 1951ஐப் பூச்சியமாக வைத்து, x என்பதைப் பத்தாண்டுகளாக எண்ணினால் நமக்குக் கிடைப்பது இது:

```
y = 36.89 + 7.53x + 1.08x²
```

y என்பது கோடியில் மக்கள்தொகை. 2011க்கு x = 6. போட்டுப் பார்த்தால் சுமார் 121 கோடி வருகிறது. உண்மைக்கும் இதற்கும் 15 லட்சம்கூட வித்தியாசம் இல்லை.

இதுதான் பல்லுறுப்புக்கோவைத் தொடர்புப் போக்கு, ஆங்கிலத்தில் பாலினாமியல் ரெக்ரஷன். x-இன் மிகப் பெரிய அடுக்கு எதுவோ அதுவே கோவையின் படி. நேர்கோடு முதல் படி, மேலே உள்ளது இரண்டாம் படி. படி ஒன்று கூடினால் கோடு இன்னொரு முறை திரும்பும் சுதந்திரத்தைப் பெறுகிறது.

அப்படியானால் படியை ஏற்றிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். கையில் உள்ள பதினொரு எண்களோடு மட்டும் ஒப்பிட்டால் அந்த ஆசை நியாயமாகவே தெரியும். நேர்கோட்டின் வழக்கமான விலகல் 9.6 கோடி. இரண்டாம் படியில் அது 1.4 கோடியாகக் குறைகிறது, மூன்றாம் படியில் 57 லட்சம், நான்காம் படியில் 40 லட்சம். பத்தாம் படிக்குப் போனால் பூச்சியம். பதினொரு புள்ளிகளையும் ஒன்றுவிடாமல் தொட்டுச் செல்லும் வளைகோடு அது. படி ஏற ஏற இந்த விலகல் குறையுமே தவிர ஒருபோதும் கூடாது. ஆகவே அது குறைகிறது என்பதைக் காட்டி ஒரு படியைச் சிறந்தது என்று சொல்ல முடியாது.

பூச்சியம் விலகல் கொண்ட அந்தப் பத்தாம் படி வளைகோட்டிடம் 2011ஐக் கேட்டேன். 310 கோடி என்றது.

ஏன் இப்படி? கணக்கெடுப்பு எண்களில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, நூறாண்டு நீண்ட வளர்ச்சிப் போக்கு. இன்னொன்று, அந்தந்தப் பத்தாண்டின் தற்செயல்களும் எண்ணுவதில் நேரும் பிழைகளும். 1911ஐவிட 1921இல் மக்கள்தொகை சற்றுக் குறைந்தது. அதற்கு முக்கியக் காரணம் 1918இன் இன்ஃபுளுயன்ஸா கொள்ளைநோய். பத்தாம் படி வளைகோட்டுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. அந்தப் பள்ளத்தையும், ஒவ்வொரு சிறு மேடுபள்ளத்தையும் இயற்கையின் விதி என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ப வளைகிறது. இதன் விளைவை எண்ணிலேயே காட்ட முடியும். 1951இன் கணக்கில் ஒரே ஒரு லட்சம் பேரைக் குறைத்துப் பாருங்கள். 2011க்கான விடை 4.62 கோடி கூடிவிடும். அன்று எண்ணியதில் நேர்ந்த ஒரு பிழை 462 மடங்காகப் பெருகி வருகிறது. இதற்குத்தான் ஓவர்ஃபிட்டிங் என்று பெயர்.

சரியான படியைக் கண்டுபிடிக்க, கையில் உள்ள தரவில் ஒரு பகுதியைச் சமன்பாட்டுக்குக் காட்டாமல் ஒளித்துவைக்க வேண்டும். 2001ஐ ஒளித்துவிட்டு, 1991 வரையுள்ள பத்து எண்களை மட்டும் கொடுத்துப் பார்ப்போம். நேர்கோடு 2001க்கு 77.2 கோடி என்கிறது. இரண்டாம் படி 99.7 கோடி என்று சொல்லி மூன்று கோடியளவு குறைகிறது. மூன்றாம் படி 105.8 கோடி என்று சொல்லி ஏறக்குறைய அதே அளவு கூடிவிடுகிறது. பத்துப் புள்ளிகளையும் தொட்டுச் செல்லும் ஒன்பதாம் படியோ மைனஸ் 20 கோடி என்கிறது. இருக்கவே முடியாத மக்கள்தொகை அது.

இந்தச் சோதனை நேர்கோட்டையும் ஒன்பதாம் படியையும் உடனே வெளியேற்றிவிடுகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே அது தீர்ப்புச் சொல்லவில்லை. இப்படிச் சமமாக நிற்கும்போது குறைந்த படியையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதிகப்படியாகக் கொடுக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் தரவு ஆதாரம் காட்டியாக வேண்டும். பத்தாண்டு கழித்து 2011இல் மூன்றாம் படியின் விடை 126.8 கோடி, கிட்டத்தட்ட ஆறு கோடி அதிகம். இரண்டாம் படி 15 லட்சத்துக்குள் வந்ததை அதன் திறமை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. தான் பார்த்த எண்களிலேயே 1.4 கோடி விலகும் ஒரு வளைகோடு அவ்வளவு நெருங்கி வந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு.

எதை ஒளிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். காலவரிசையான தரவில் நடுவிலிருந்து ஒரு புள்ளியை எடுத்து ஒளித்தால் சோதனை எளிதாகிவிடும். இருபுறமும் உள்ள புள்ளிகள் அதன் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எதிர்காலத்தைச் சொல்ல வேண்டியிருந்தால் கடைசிப் புள்ளிகளைத்தான் ஒளிக்க வேண்டும்.

சரியாகத் தேர்ந்தெடுத்த படிக்கும் எல்லை உண்டு. நமது இரண்டாம் படிச் சமன்பாட்டைப் பின்னோக்கி 1851க்கு நீட்டினால் கிட்டத்தட்ட 70 கோடி வருகிறது. அதாவது 1901இல் இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வர்க்கம் சேர்ந்த கோடு ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கமும் ஏறியே தீரும். மக்கள் எப்படிப் பிறக்கிறார்கள், இறக்கிறார்கள் என்பது பற்றி அதற்கு எதுவும் தெரியாது. தரவு இருக்கும் ஆண்டுகளுக்குள் அது நல்ல சுருக்கம், வெளியே போகப் போக வெறும் இயற்கணிதம்.

முன்னோக்கியும் அதே கதைதான். இந்தச் சமன்பாட்டின்படி ஒவ்வொரு பத்தாண்டிலும் சேரும் மக்கள் முந்தைய பத்தாண்டைவிட 2.16 கோடி அதிகமாக இருக்க வேண்டும். 1991-2001இல் 18.23 கோடிப் பேர் சேர்ந்தார்கள். 2001-2011இல் சேர்ந்தவர்கள் 18.22 கோடி. ஏற்றம் நின்றுவிட்டது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.0 குழந்தைகள் என்ற நிலைக்கு நாடு வந்திருந்தது. சமன்பாடு 2021க்குச் சொல்வது 142.5 கோடி. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு கோவிட் காரணமாக உரிய நேரத்தில் நடக்காததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஆனால் 2011க்குப் பொருந்தியது என்பதற்காக இந்தச் சமன்பாட்டை 2031க்கோ 2041க்கோ யாரும் பயன்படுத்தக் கூடாது. அதற்குப் பிறப்பு, இறப்பு, வயதுப் பிரிவு ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிடும் முறைதான் வேண்டும்.