அரசுப் பத்திரத்தில் போட்ட பணமும் குறையுமா?

2022-ம் ஆண்டு ஜூன் மாதம். சித்தப்பா செல்போனை என்னிடம் நீட்டினார். முந்தைய டிசம்பரில் அவர் பணம் போட்டிருந்த கில்ட் ஃபண்டின் கணக்கு அதில் இருந்தது. போட்டதைவிடக் குறைவான தொகையைக் காட்டியது.

“அரசாங்கத்துக்குத்தானே கடன் கொடுத்திருக்கேன்? அரசாங்கம் ஏமாத்தாதுன்னுதானே போட்டேன். அப்புறம் எப்படிப்பா குறையும்?”

ஷேர் மார்க்கெட் பக்கமே போகாதவர். இரண்டு வருடத்தில் வரும் மகள் கல்யாணத்துக்காக ஒதுக்கிய பணம் அது. அவரை அரசாங்கம் ஏமாற்றவில்லை. பத்திரங்களுக்கு வட்டியும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவர் பார்க்கத் தவறியது, ஃபண்டின் மாதாந்திரத் தகவல் அறிக்கையில் இருந்த இரண்டு எண்களை. ஒன்று ‘ஒய்.டி.எம்’, அதாவது ஈல்டு டு மெச்சூரிட்டி. இன்னொன்று ‘டியூரேஷன்’.

வட்டி ஏறினால் விலை ஏன் இறங்குகிறது?

கணக்கு எளிதாக இருக்க ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். முகமதிப்பு ஒரு லட்சம் ரூபாய், ஆயுள் 10 வருடம், வட்டி ஆண்டுக்கு 7%. வருடம் 7,000 ரூபாய் வரும். பத்தாம் வருட முடிவில் அசல் ஒரு லட்சமும் திரும்பும். நிஜத்தில் அரசுப் பத்திரங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தருகின்றன. நாம் வருடத்துக்கு ஒருமுறை என்றே வைத்துக்கொள்வோம்.

நீங்கள் வாங்கிய மறுநாளே சந்தையில் வட்டி 8% ஆகிவிடுகிறது. புதிய பத்திரம் வருடம் 8,000 ரூபாய் தரும்போது, 7,000 தரும் உங்கள் பத்திரத்தை யார் ஒரு லட்சத்துக்கு வாங்குவார்கள்? விலையைக் குறைத்தால்தான் விற்கும். எவ்வளவு குறைத்தால் வாங்குபவருக்கு 8% கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டால், விடை 93,290 ரூபாய். ஒரே நாளில் 6,710 ரூபாய் காணோம்.

2022-ல் நடந்தது இதுதான். அந்த மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவிகிதத்திலிருந்து உயர்த்தத் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் அது 6.5 சதவிகிதத்துக்கு வந்து நின்றது. ஃபண்டில் இருக்கும் பத்திரங்கள் தினமும் சந்தை விலைக்கே மதிப்பிடப்படுவதால், விலை இறங்கியது சித்தப்பாவின் செல்போனில் உடனே தெரிந்தது.

முழு வருமானத்தைச் சொல்லும் எண்

அதே பத்திரத்தை 93,290 ரூபாய்க்கு வாங்குபவரைப் பார்ப்போம். கொடுத்த பணத்துக்கு வருடம் 7,000 ரூபாய் என்றால் 7.5%. அத்துடன், கடைசியில் அவருக்கு முழு ஒரு லட்சம் கிடைக்கும். அந்தக் கூடுதல் 6,710 ரூபாயையும் பத்து வருடத்துக்குப் பரப்பிச் சேர்த்தால் வருவது 8%. இதுதான் ஒய்.டி.எம். வட்டி, அசல், வாங்கிய விலை மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆண்டு வருமானம்.

ஆனால், இதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வருடாவருடம் வரும் 7,000 ரூபாயையும் அதே 8 சதவிகிதத்தில் மறுபடி முதலீடு செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் பத்து வருட முடிவில் கையில் சுமார் 2,01,400 ரூபாய் இருக்கும். வட்டி இறங்கி, 5 சதவிகிதத்தில்தான் மறுமுதலீடு செய்ய முடிந்தது என்றால் சுமார் 1,88,050 ரூபாய்தான். அப்போது உண்மையான வருமானம் 7.26%. ஆக, ஒய்.டி.எம் என்பது உத்தரவாதம் அல்ல. நிபந்தனைகள் நிறைவேறினால் கிடைக்கும் வருமானம்.

எடை சமமாகும் இடம்

ஒரு நீளமான பலகையில் 1 முதல் 10 வரை வருடங்களைக் குறியுங்கள். ஒவ்வொரு வருடக் குறியின் மேலும் அந்த வருடம் வரும் பணத்தை, அதன் இன்றைய மதிப்பில், எடையாக வையுங்கள். முதல் ஒன்பதில் சின்னச் சின்ன எடைகள். பத்தாவதில் அசலும் சேர்ந்த பெரிய எடை. பலகை எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க, அடியில் எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும்? நமது 7% பத்திரத்துக்கு, ஏழரை வருடக் குறியில். இதற்குப் பெயர் மெக்காலே டியூரேஷன். 1938-ல் இதை வகுத்த பொருளாதார அறிஞர் ஃபிரெடெரிக் மெக்காலேயின் பெயர்.

இந்த ஏழரையை 1.07 ஆல் வகுத்தால் சுமார் 7. இது மாடிஃபைட் டியூரேஷன். வட்டி 1% ஏறினால் விலை ஏறக்குறைய 7% இறங்கும், வட்டி 1% இறங்கினால் ஏறக்குறைய 7% ஏறும் என்கிறது இந்த எண். மேலே நாம் பார்த்த சரியான இறக்கம் 6.71%. வட்டி 6% ஆகியிருந்தால் ஏற்றம் 7.36%. சின்ன மாற்றங்களுக்கு இந்த எண் நன்றாகப் பொருந்தும். பெரிய மாற்றங்களில் இப்படிக் கொஞ்சம் விலகும்.

இதே 7% பத்திரத்தின் ஆயுள் 3 வருடமாக இருந்திருந்தால், வட்டி 8% ஆகும்போது இறக்கம் 2.6% மட்டுமே. அரசு ஒன்றுதான், வட்டியும் ஒன்றுதான். காலம்தான் வேறு.

ஏழரை வருடம் காத்திருந்தால்?

உங்கள் ஒரு லட்சம் 93,290 ஆகிவிட்டது. ஆனால் இனி அது 8 சதவிகிதத்தில் வளரும். வரும் வட்டியையும் 8 சதவிகிதத்தில் போடலாம். ஒரு பக்கம் போனது இன்னொரு பக்கம் மெல்லத் திரும்புகிறது.

வட்டி 7 சதவிகிதத்திலேயே இருந்திருந்தால் இரண்டு வருடத்தில் உங்களிடம் 1,14,490 ரூபாய் இருந்திருக்கும். இப்போது சுமார் 1,08,810 தான். 6% தரும் சாதாரண ஃபிக்ஸட் டெபாசிட்டே 1,12,360 ரூபாய் தந்திருக்கும். ஆனால் ஏழரை வருடம் கழித்துப் பாருங்கள். வட்டி ஏறாமலிருந்தால் சுமார் 1,66,100 ரூபாய். ஏறிய பிறகு சுமார் 1,66,150 ரூபாய். கணக்கு நேராகிவிட்டது!

அந்த ஏழரை வேறெதுவும் இல்லை, பலகை சமமாக நின்ற அதே ஏழரைதான். எதிர்பார்த்த வருமானம் எவ்வளவு என்பதை ஒய்.டி.எம் சொல்கிறது. வட்டி இப்படி ஒருமுறை குலுக்கினாலும் அதை எட்ட எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதை டியூரேஷன் சொல்கிறது.

சித்தப்பாவின் சிக்கல் இப்போது புரிந்திருக்கும். இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணத்தை, டியூரேஷன் நீண்ட ஃபண்டில் போட்டுவிட்டார்.

ஃபண்டில் கவனிக்க வேண்டியது

தனிப் பத்திரத்தின் டியூரேஷன் வருடம் போகப்போகக் குறையும். பத்து வருடப் பத்திரங்களையே எப்போதும் வைத்திருக்கும் கில்ட் ஃபண்டில் அப்படிக் குறையாது. பழையதை விற்றுப் புதியதை வாங்கிக்கொண்டே இருப்பார்கள். குறிப்பிட்ட வருடத்தில் முடியும் டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டுகளில் அது குறைந்துகொண்டே வரும்.

2017-ல் செபி கடன் ஃபண்டுகளை வகைப்படுத்தியபோது மெக்காலே டியூரேஷனையே அளவுகோலாக எடுத்தது. ‘ஷார்ட் டியூரேஷன்’ என்றால் 1 முதல் 3 வருடம். ‘லாங் டியூரேஷன்’ என்றால் 7 வருடத்துக்கு மேல்.

அறிக்கையில் காட்டும் ஒய்.டி.எம்-ல் இருந்து ஃபண்டின் செலவு விகிதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரே டியூரேஷன் உள்ள இரண்டு ஃபண்டுகளில் ஒன்றின் ஒய்.டி.எம் மட்டும் வெகுவாக அதிகம் என்றால், கடன் வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள். திருப்பித் தராமல் போகலாம் என்ற ரிஸ்க்குக்குத்தான் அந்தக் கூடுதல் வட்டி. அவர்கள் தராமல் போனால், எத்தனை வருடம் காத்திருந்தாலும் கணக்கு நேராகாது.

சித்தப்பா கல்யாணத்துக்குத் தேவையான தொகையை மட்டும் கொஞ்சம் நஷ்டத்தில் எடுத்து, இரண்டு வருட டெபாசிட்டுக்கு மாற்றினார். மீதியை அப்படியே விட்டுவைத்திருக்கிறார். இப்போது யாராவது புது ஃபண்டைப் பற்றிச் சொன்னால், “எத்தனை பர்சன்ட் வரும்?” என்று முதலில் கேட்பதில்லை. “டியூரேஷன் எத்தனை வருஷம்?” என்றுதான் கேட்கிறார்.